ரோஸ்டரில் தொடங்க வேண்டிய மனநலக் கொள்கை

பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் இன்று மனநலக் கொள்கை என்று ஒன்று இருக்கிறது. ஆலோசகரின் தொலைபேசி எண், தியானம் கற்றுத்தரும் ஒரு செயலி, அக்டோபர் 10 உலக மனநல நாளன்று ஓர் உரை. இவை வேண்டாதவை அல்ல. ஆனால் இரவெல்லாம் விழித்திருந்து அமெரிக்க வாடிக்கையாளரின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இன்ஜினியரின் தூக்கத்தைத் தீர்மானிப்பது ஷிப்ட் ரோஸ்டர். அவர் மனநல மருத்துவரிடம் போனது யார் யாருக்குத் தெரியவரும் என்பதைத் தீர்மானிப்பது விடுப்பு விண்ணப்பிக்கும் மென்பொருள். தனக்கு முடியவில்லை என்று அவர் வாய் திறப்பாரா என்பதைத் தீர்மானிப்பது அவருடைய மேனேஜர். இந்த மூன்றையும் தொடாத கொள்கையால் அவருக்குப் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து.

இது வெறும் கருத்தும் அல்ல. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃப்ளெமிங் 2024-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பேரின் பதில்களை வைத்துச் செய்தது அது. மன உறுதிப் பயிற்சி, தியானச் செயலி, மன அழுத்த மேலாண்மை வகுப்பு போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நலமாக இருப்பதற்கான அறிகுறி எதுவும் கிடைக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட காலத்தில் எடுத்த கணிப்பு என்பதால், வகுப்புகளால் பலனே இல்லை என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே சிரமத்தில் இருப்பவர்களே அதிகம் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் வேலையை அப்படியே விட்டுவிட்டு வேலை செய்பவரை மட்டும் பழக்கினால் போதும் என்ற நம்பிக்கைக்கு அது ஆதரவு தரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களும் தனிநபர் உதவியோடு நிற்காமல், வேலை அமைந்திருக்கும் விதத்தை மாற்றுவதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் பரிந்துரைக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு மூன்றையும் பார்ப்போம். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேர சப்போர்ட் குழு, ஆறு பேர். காலை ஷிப்ட் 6 முதல் பிற்பகல் 3 வரை. மாலை ஷிப்ட் 2 முதல் இரவு 11 வரை. இரவு ஷிப்ட் 10 முதல் மறுநாள் காலை 7 வரை. இடையில் வரும் ஒரு மணி நேரம், ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் எடுத்துக்கொள்ளும் ஹேண்ட்ஓவருக்கு.

வாரம் மாறும்போது ஷிப்டும் மாறும். எந்த வரிசையில் மாறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரவிலிருந்து மாலைக்கு, மாலையிலிருந்து காலைக்கு என்று பின்னோக்கி மாறுவதாகக் கொள்வோம். காலை 7 மணிக்கு இரவு வேலை முடித்தவர் அன்றே பிற்பகல் 2 மணிக்குத் திரும்ப வரவேண்டும். நடுவில் 7 மணி நேரம். இரவு 11 மணிக்கு மாலை வேலை முடித்தவர் மறுநாள் காலை 6 மணிக்கு வரவேண்டும். அதுவும் 7 மணி நேரம். அதுகூடக் காகிதத்தில்தான். கடைசி நேரத்தில் ஒரு டிக்கெட் வந்து ஹேண்ட்ஓவர் 11.45 வரை இழுக்கும். கேப் மூன்று பேரை வழியில் இறக்கிவிட்டு இவரை வீட்டில் விடும்போது மணி ஒன்றே கால். மறுநாள் பிக்கப் 4.45-க்கு. வீட்டில் இருந்தது மூன்றரை மணி நேரம். அதில் குளித்து, ஏதாவது சாப்பிட்டு, மூளை ஓய்ந்து கண் அயர்ந்த நேரம் எவ்வளவு இருக்கும்?

இதே ஆறு பேரை, இதே ஷிப்டுகளை முன்னோக்கி மாற்றிப் பாருங்கள். காலையிலிருந்து மாலைக்குப் போகிறவருக்கு 23 மணி நேரம் கிடைக்கிறது. மாலையிலிருந்து இரவுக்குப் போகிறவருக்கும் 23. இரவிலிருந்து காலைக்குத் திரும்பும் இடத்தில் மட்டும் ஷிப்டுகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். அதனால் வார விடுமுறையைக் கட்டாயமாக அந்த இடத்தில் வைக்க வேண்டும். ரோஸ்டர் போடும் டீம் லீட் கவனிக்க வேண்டிய நுட்பம் அவ்வளவுதான். ஒரு ரூபாய் செலவில்லை. உடலின் கடிகாரத்துக்கும் இது தோதானது. வழக்கமான நேரத்துக்கு முன்பே தூக்கத்தை வரவழைப்பதைவிட, தள்ளிப்போட்டுத் தூங்குவது பெரும்பாலானவர்களுக்கு எளிது.

இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே குறைந்தது 11 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேர நெறிமுறையில் இருக்கிறது. நல்ல நிறுவனம் இதைத் தன் கொள்கையில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் எழுதும்போது ஒரு சொல்லில் கவனம் வேண்டும். அந்த 11 மணி நேரத்தை ரோஸ்டரில் போட்ட நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. அவர் உண்மையில் லாக்-அவுட் செய்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். கேப் பயணம் நீளமாக இருக்கும் ஊரில், வீட்டில் இறங்கிய நேரத்திலிருந்து எண்ணுவது இன்னும் சரி. தாமதமாக முடிந்தால் மறுநாள் தாமதமாகத் தொடங்கலாம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்ற ஒரு வரி இருந்தால்தான் அந்த விதிக்கு உயிர் இருக்கும்.

இரவு வேலையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இந்தத் தொழிலில் அது நடக்காது. ஆனால் அதன் விலை என்னவென்று தெரிந்துகொண்டு ரோஸ்டர் போட வேண்டும். மனித உடலின் வெப்பம் விடியற்காலை 4, 5 மணியளவில் மிகக் கீழே இறங்குகிறது. அப்போதுதான் கவனமும் அதிகம் தவறுகிறது. இரவு வேலை முடித்துப் பகலில் படுப்பவரின் தூக்கம் வழக்கத்தைவிட ஒன்று முதல் நான்கு மணி நேரம் வரை குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தெருச் சத்தமும் வெளிச்சமும் மட்டும் காரணமல்ல, விழித்திருக்கச் சொல்லி உடலே எழுப்பிவிடுகிறது. தூக்கம் குறைந்தால் மனச்சோர்வு கூடும். மனச்சோர்வு வந்தால் தூக்கம் இன்னும் குறையும். எங்கே தொடங்கியது என்று பிறகு பிரித்துச் சொல்வது டாக்டருக்கே கடினம்.

ஆண்டுக்கு இரண்டு முறை அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. மார்ச்சிலும் நவம்பரிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முழுக் குழுவின் வாழ்க்கையும் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடுகிறது. அந்த வாரத்தில் புதிய வெளியீடு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லும் கொள்கை இருந்தால் நல்லது.

ஷிப்டைவிடக் கணக்கில் வராத சுமை ஆன்-கால். வீட்டில்தான் இருப்பார், படுக்கையில்தான் இருப்பார், ஆனால் எந்த நிமிடமும் போன் அடிக்கலாம். அடிக்கவில்லை என்றால் அன்று அவர் தூங்கினார் என்று நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. 1988-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் டோர்ஸ்வாலும் ஓக்கெர்ஸ்டெட்டும் கப்பல் இன்ஜினியர்களின் மூளை அலைகளைத் தூக்கத்தின்போது பதிவு செய்தார்கள். அழைப்புக்காகக் காத்திருந்த இரவுகளில், அலாரம் அடிப்பதற்கு முன்பே தூக்கத்தின் ஆழம் குறைந்திருந்தது. இதயத்துடிப்பு கூடியிருந்தது. வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பே தூக்கத்தைத் தின்றுவிட்டது. ஆகவே போன் அடிக்காத ஆன்-கால் இரவும் வேலையாகவே கணக்கில் ஏறவேண்டும். கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2016-இல் தங்கள் நடைமுறைகளைப் புத்தகமாக வெளியிட்டபோது ஒரு வரம்பு சொன்னார்கள்: 12 மணி நேர ஆன்-காலில் அதிகபட்சம் இரண்டு பிரச்சினைகள். ஒரு பிரச்சினையைத் தீர்த்து, மூல காரணத்தைக் கண்டுபிடித்து, அறிக்கை எழுதி முடிக்கச் சராசரியாக 6 மணி நேரம் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. தொடர்ந்து அதைத் தாண்டினால் அது ஆளின் குறையாகாது, குழுவின் அமைப்பில் உள்ள குறை.

நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். அந்த ஆறு பேரில் ஒருவருக்கு மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. காரணமில்லாமல் படபடப்பு. விடுமுறை நாளிலும் போன் அடிப்பதுபோலக் காதில் கேட்கிறது. வீட்டார் வற்புறுத்தி ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள். அவர் மருந்து கொடுத்து, எட்டு வாரம் இரவு வேலை கூடாது என்று சான்றிதழ் எழுதித் தருகிறார். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவர் யோசிக்கத் தொடங்குகிறார். இதை யாரிடம் கொடுப்பது?

சான்றிதழில் நோயின் பெயரே இல்லாவிட்டாலும் மேலே மருத்துவரின் பெயரும் படிப்பும் அச்சாகியிருக்கிறது. லெட்டர்ஹெட்டே விஷயத்தைச் சொல்லிவிடும். நிறுவனத்தின் விடுப்பு மென்பொருளில் அதை ஏற்றினால், அனுமதி கொடுக்கும் மேனேஜர் அதைத் திறந்து பார்க்கலாம். மேனேஜர் விடுப்பில் இருந்தால் அவருக்குப் பதிலாக அனுமதிப்பவர் பார்ப்பார். மருத்துவமனையில் சேர நேர்ந்தால் குழுக் காப்பீட்டின் கோரிக்கை விவரம் மனிதவளத் துறையின் பட்டியலில் வந்து நிற்கலாம். நிறுவனம் ஏற்பாடு செய்த ஆலோசகரைப் பார்க்க அலுவலக மின்னஞ்சலில் பதிவு செய்தால், அந்த நேரம் அவருடைய காலண்டரில் எல்லோருக்கும் தெரியும்படி உட்கார்ந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஆனால் செய்தி நாலு வழியில் ஒழுகிவிட்டது.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் இரகசியக் காப்பு உரிமையைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அந்தக் கடமையை அது சுமத்துவது சிகிச்சை தரும் மருத்துவத் துறையினர் மீது. மேனேஜரும் மனிதவள அதிகாரியும் சிகிச்சை தருபவர்கள் அல்ல. மின்னணுத் தகவல்கள் பற்றிய 2011-ஆம் ஆண்டு விதிகள் மனநல நிலையை நுண்ணுணர்வுத் தகவல் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. நிறுவனம் எப்படிச் சேமிக்க வேண்டும் என்பதை அவை பேசுகின்றன. டீ பிரேக்கில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதற்கு அங்கே பதில் இல்லை. அந்த இடைவெளியை அடைப்பதுதான் நிறுவனக் கொள்கையின் முதல் வேலை.

வழி சிக்கலானது அல்ல. சான்றிதழ் மேனேஜருக்கே போகக் கூடாது. நிறுவன மருத்துவரிடமோ வெளியே உள்ள ஒரு பணிநல மருத்துவரிடமோ மட்டும் போக வேண்டும். அவர் மேனேஜருக்கு எழுதுவது ஒரே ஒரு குறிப்பு: ‘இந்த ஊழியர் எட்டு வாரங்களுக்கு இரவு ஷிப்டும் ஆன்-காலும் செய்ய இயலாது. இன்ன தேதியில் மறுபரிசீலனை.’ முதுகு வலிக்கும் இதே குறிப்பு, மகப்பேறுக்குப் பிந்தைய ஓய்வுக்கும் இதே குறிப்பு. எல்லா நோய்க்கும் ஒரே படிவம் என்று ஆகிவிட்டால் படிவத்தை வைத்து யாரும் ஊகிக்க முடியாது. காப்பீட்டு நிறுவனம் தரும் பட்டியலில் நோயின் பெயர் வரக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஆலோசகரைப் பார்க்கப் பதிவு செய்வது ஊழியரின் சொந்த போன் எண் வழியாக நடக்க வேண்டும்.

பெயரில்லாத கணக்கெடுப்புகளில் இன்னொரு கசிவு இருக்கிறது. பெயர் கேட்கவில்லை, ஆனால் குழு, ஷிப்ட், பால், அனுபவ ஆண்டுகள் எல்லாம் கேட்கிறார்கள். ஆறு பேர் குழுவில் இரவு ஷிப்டில் ஒரே ஒரு பெண் இருந்தால் பெயர் எதற்கு? பத்துப் பேருக்குக் குறைவான எந்தக் கூட்டத்தின் விவரத்தையும் தனியாகக் காட்டக் கூடாது என்று வரம்பு வைப்பது வழக்கம். அதிலும் ஓர் ஓட்டை உண்டு. 30 பேர் துறையின் மொத்தக் கணக்கையும் அதில் 24 பேரின் கணக்கையும் தனித்தனியாகக் கொடுத்தால், கழித்துப் பார்த்தாலே மிச்சம் ஆறு பேரின் நிலை தெரிந்துவிடும். எந்தெந்த அறிக்கைகள் ஒன்றாக ஒருவர் கையில் சேரும் என்பதையும் பார்த்தே வெளியிட வேண்டும்.

இரகசியத்துக்கு எல்லையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒருவர் தன் உயிருக்கு ஆபத்து விளைவித்துக்கொள்ளும் நிலையில் இருந்தால் ஆலோசகர் சும்மா இருக்க மாட்டார். அந்த நிலையில் யாருக்குச் சொல்வார் என்பது முதல் சந்திப்பிலேயே ஊழியருக்குத் தெரிய வேண்டும். அது மேனேஜராக இருக்கக் கூடாது. ஊழியர் தானே எழுதிக்கொடுத்த ஓர் உறவினராகவோ நண்பராகவோ இருக்க வேண்டும். எல்லை முன்பே தெரிந்திருந்தால் பேசுவார்கள். பிறகு தெரிந்தால் அவர் மட்டுமல்ல, அவரிடம் கேட்டறிந்த பத்துப் பேரும் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். நிறுவனத்தின் கண்ணிலேயே படாமல் பேச விரும்புகிறவர்களுக்கு மத்திய அரசின் டெலி மானஸ் இருக்கிறது. எண் 14416. 2022 அக்டோபர் முதல் நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். கொள்கை ஆவணத்தில் நிறுவன ஆலோசகரின் எண்ணுக்குப் பக்கத்திலேயே இதையும் அச்சிடுவது நல்ல வழக்கம்.

இனி மேனேஜர். மருத்துவரின் குறிப்பு வருவதற்கு முன்னால் பல வாரங்கள் இந்த மாற்றத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கக்கூடியவர் அவர்தான். ஆனால் பெரும்பாலான மேனேஜர்கள் நல்ல புரோகிராமர்களாக இருந்து மேலே வந்தவர்கள். இப்படிப் பேச அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆகவே இரண்டில் ஒன்று நடக்கும். ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று பார்க்காததுபோல் இருந்துவிடுவார்கள். இல்லையென்றால், “எல்லாருக்கும்தான்பா ஸ்ட்ரெஸ். ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வா, சரியாயிடும்” என்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தீயணைப்புத் துறையில் இதற்கு ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2017-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தன. 128 மேலாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நேரடியாக 4 மணி நேரப் பயிற்சி தந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களின் கீழ் வேலை செய்தவர்களிடையே வேலை சார்ந்த உடல்நல விடுப்பு குறைந்திருந்தது, மற்றவர்களின் கீழ் கூடியிருந்தது. பயிற்சிக்குச் செலவிட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் ஏறக்குறைய பத்து பவுண்டு மிச்சம் என்று கணக்கிட்டார்கள். தீயணைப்புத் துறையும் மென்பொருள் துறையும் ஒன்றல்ல. அதே எண்ணிக்கை இங்கும் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் அந்தப் பயிற்சியின் உள்ளடக்கம் நமக்கு உதவும். நோயைக் கண்டுபிடிக்க அது கற்றுக்கொடுக்கவில்லை. ஊழியரோடு தொடர்பை விடாதீர்கள், சீக்கிரம் பேசுங்கள், சிகிச்சை தர முயலாமல் நடைமுறை உதவி செய்யுங்கள், வேலைக்குத் திரும்பும் வழியை யோசியுங்கள் என்பதையே சொல்லிக்கொடுத்தது.

நம் ஊர் அலுவலகத்தில் அது எப்படி ஒலிக்கும்? “உனக்கு டிப்ரஷனா?” என்று கேட்பது தவறு. மேனேஜர் தன் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லலாம்: “ரெண்டு வாரமா உங்க ஹேண்ட்ஓவர் நோட்ஸ் பாதியில நிக்குது. முன்னாடி அப்படி இருந்ததே இல்ல. எப்படி இருக்கீங்க?” பதில் வராவிட்டால் துருவ வேண்டாம். “இப்ப சொல்லணும்னு இல்ல. ஷிப்ட்ல ஏதாவது மாத்தணும்னா காரணம் சொல்லாமலே கேக்கலாம். வியாழக்கிழமை மறுபடி பேசுவோம்” என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை உண்மையிலேயே பேச வேண்டும். ஊழியர் தானாக ஏதாவது சொன்னால், அதை யாரிடம் சொல்லலாம் என்று அவரிடமே கேட்க வேண்டும். இதைப் படித்துத் தேர்வு எழுதிப் பயனில்லை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நடித்துப் பார்க்க வேண்டும். அரை மணி நேர வீடியோவை ஓடவிட்டுக் கடைசியில் டிக் அடிக்கும் பயிற்சிக்கும் இதற்கும் வெகுதூரம்.

ஆனால் பயிற்சி பெற்ற நல்ல மேனேஜரும் ஓரிடத்தில் தோற்றுப்போவார். குறிப்பு வந்துவிட்டது. எட்டு வாரம் இவருக்கு இரவு ஷிப்ட் கிடையாது. அந்த இரவுகளை மற்ற ஐந்து பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும். இரண்டாவது வாரமே கேள்வி வரும்: “அவருக்கு மட்டும் ஏன் பகல்?” உண்மையைச் சொன்னால் இரகசியம் போச்சு. சொல்லாவிட்டால் சலுகை காட்டுகிறார் என்ற பேச்சு. எந்தப் பயிற்சியாலும் இதைச் சமாளிக்க முடியாது. வேறு குழுவிலிருந்து எட்டு வாரத்துக்கு ஓர் ஆள் வந்தால் கேள்வியே எழாது. மாற்று ஆளுக்கான செலவு அந்த மேனேஜரின் பட்ஜெட்டில் விழாமல் நிறுவனத்தின் பொதுக் கணக்கிலிருந்து வர வேண்டும் என்று எழுதாத கொள்கை, இரகசியத்தைக் காப்பதாகச் சொல்வதில் பொருளில்லை.

பணத்தின் இன்னொரு பக்கம் ஊழியரிடம் இருக்கிறது. இரவு ஷிப்டுக்குத் தனிப்படி உண்டு. வீட்டுக் கடன் தவணை அந்தப் படியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு எடுத்ததாக இருக்கும். பகலுக்கு மாறினால் அது போய்விடும். ஆகவே டாக்டர் எழுதிக்கொடுத்த காகிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு மறுபடியும் இரவு கேபில் ஏறுகிறவர்கள் உண்டு. மருத்துவக் காரணத்தால் ஷிப்ட் மாறினால் குறிப்பிட்ட வாரங்களுக்குப் படி தொடரும் என்றும், ஆண்டு மதிப்பீட்டில் அந்த வாரங்களின் இலக்கு அதற்கேற்பக் குறையும் என்றும் கொள்கை சொல்ல வேண்டும்.

எட்டு வாரம் முடிந்ததும் அவரை நேராக ஐந்து இரவு ரோஸ்டரில் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. முதல் இரண்டு வாரம் மாலை ஷிப்ட், பிறகு வாரத்துக்கு இரண்டு இரவு, ஆன்-கால் எல்லாவற்றுக்கும் கடைசியில் என்று படிப்படியாகப் போகலாம். ஒவ்வொரு படியிலும் முடிவு பணிநல மருத்துவரும் ஊழியரும் பேசி எடுப்பது. மேனேஜருக்கு மறுபடியும் ஒரு வரிக் குறிப்பு மட்டும் வரும்.

கொள்கை நடைமுறையில் இருக்கிறதா என்று பார்க்க ஆலோசகரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை போதாது. அது குறைவாக இருந்தால் எல்லோரும் நலம் என்றும் இருக்கலாம், யாரும் நம்பவில்லை என்றும் இருக்கலாம். அதைவிட உறுதியான அளவுகள் ரோஸ்டரிலேயே கிடைக்கின்றன. ஒரு மாதத்தில் 11 மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி எத்தனை முறை வந்தது, ஆன்-காலில் இரண்டுக்கு மேல் அழைப்பு எத்தனை இரவுகளில் வந்தது, ஷிப்ட் மாற்றக் கோரிக்கைக்குப் பதில் எத்தனை நாளில் போனது. யாருடைய மனதையும் துருவிப் பார்க்காமல் இவற்றை எண்ணிவிடலாம். இந்த எண்களைக் குழுவாரியாக இயக்குநர் குழுவின் முன் வைக்கலாம். இவை ரோஸ்டரைப் பற்றியவை, நோயாளியைப் பற்றியவை அல்ல.

கடைசியாக ஒன்று பெரும்பாலான கொள்கைகளில் விடுபடுகிறது. அந்த ஆறு பேருக்குப் பக்கத்து இருக்கையில் அதே இரவு, அதே டிக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டு ஒப்பந்த நிறுவனத்தின் மூலம் வந்த இருவர் உட்கார்ந்திருக்கலாம். அவர்களின் ரோஸ்டரைப் போடுவதும் இதே டீம் லீட்தான். ஆலோசகரின் எண்ணும், 11 மணி நேர விதியும், படி தொடரும் என்ற உறுதியும் அவர்களுக்கு இல்லை. அவர்கள் வேறொரு நிறுவனத்தின் ஊழியர்கள். ஓய்வு நேர விதியை ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் பொருந்தும்படி ஒப்பந்த நிறுவனத்தோடு செய்யும் உடன்படிக்கையிலேயே சேர்க்கலாம். கேபில் கடைசி ஆளை இறக்கிவிட்டு விடியற்காலையில் மீண்டும் பிக்கப்புக்குத் திரும்பும் ஓட்டுநருக்கும் அதே விதி வேண்டும். ஊழியர்கள் தூங்கிக்கொண்டு வருவது அவர் ஓட்டும் வண்டியில்தான்.